கேட்காமலே குரூப்பில் சேர்த்துவிட்டார்கள்: சத்தமில்லாமல் வெளியே வருவது எப்படி?

பிச்சிப்பூ

எல்லோருக்கும் வணக்கம். வாட்ஸ்அப் குரூப் சம்பந்தமாக ஒரு சந்தேகம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனைப் பார்த்தால் நான் படித்த பள்ளியின் பழைய மாணவர் குரூப்பில் இருக்கிறேன். என்னோடு பத்தாவது படித்த தோழிதான் சேர்த்திருக்கிறாள். சேர்க்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் செட் மட்டும் என்றாலாவது பரவாயில்லை. பல வருடத்து ஆட்கள், மொத்தம் 312 பேர். அதில் எனக்குத் தெரிந்தவர்கள் இருபது பேர் தேறமாட்டார்கள்.

இரண்டாம் நாளே முகம் தெரியாத ஒருவர் தனியாக "ஹாய், எந்த செக்‌ஷன் நீங்க?" என்று அனுப்பினார். நான் பதில் போடவில்லை. அடுத்த வாரம் வேறு ஒருவர் இரவு பத்தரை மணிக்கு வாட்ஸ்அப் காலில் கூப்பிட்டார். என் நம்பர் இத்தனை பேர் கையில் இருப்பதை நினைத்தால் மனசு ஒப்பவில்லை.

வெளியே வரவேண்டும். ஆனால் வந்தால் எல்லோருக்கும் தெரியுமா என்பதுதான் பயம். அந்த குரூப்பின் ஐந்து அட்மின்களில் ஒருவர் என் அக்கா வீட்டுக்காரர், அவரும் அதே பள்ளியில் படித்தவர். அவர் மனம் நோகக்கூடாது. அதேசமயம் இனிமேல் இப்படி யாரும் என்னைக் கேட்காமல் எதிலும் சேர்க்கவும் கூடாது. இரண்டுக்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

காவிரிக்கரையான்

சகோதரி, இது ரொம்பச் சுலபம். Settings போங்கள், Privacy, அதற்குள் Groups. அங்கே Everyone என்று இருக்கும். அதை My contacts என்று மாற்றிவிடுங்கள், வேலை முடிந்தது. இனி தெரியாதவர் யாரும் உங்களைச் சேர்க்க முடியாது. அப்புறம் அந்த குரூப்பில் Exit group கொடுத்து வெளியே வாருங்கள். முன்பெல்லாம் "இன்னார் வெளியேறினார்" என்று எல்லோருக்கும் ஒரு வரி வரும். 2022இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது யாருக்கும் தெரியாது. பயப்படாமல் வாருங்கள்.

பிச்சிப்பூ

நன்றி அண்ணா. ஆனால் என்னைச் சேர்த்தவள் தெரியாதவள் இல்லையே. அவள் நம்பர் என் போனில் பதினைந்து வருடமாக இருக்கிறது. போன வருடம் ஒரு கல்யாண குரூப், அதற்கு முன்னால் சீட்டு குரூப், எல்லாவற்றிலும் என்னைச் சேர்த்தவர்கள் சொந்தக்காரர்களும் பழகினவர்களும்தான். My contacts வைத்தால் அவர்கள் எல்லோரும் அப்படியே உள்ளே வந்துவிடுவார்களே?

கடைவீதி மொபைல்ஸ்

சகோதரி கேட்பது சரியான கேள்வி. நான் பதினோரு வருடமாக மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு நாலு பேராவது இதே பிரச்சினையோடு வருவார்கள்.

My contacts என்றால் உங்கள் போனில் நீங்கள் சேமித்து வைத்திருக்கும் நம்பர்கள். உங்கள் நம்பரை யார் யார் வைத்திருக்கிறார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. முன்பின் தெரியாத ஆளைத் தடுக்க அது போதும். உங்களுக்குத் தொந்தரவு வருவதோ தெரிந்தவர்களிடமிருந்து. அதனால் அதே பக்கத்தில் மூன்றாவதாக இருக்கும் My contacts except... என்பதைத்தான் நீங்கள் எடுக்கவேண்டும்.

அதைத் தொட்டால் உங்கள் காண்டாக்ட் பட்டியல் திறக்கும். அதில் யாரை டிக் செய்கிறீர்களோ அவர்களால் உங்களை நேரடியாகச் சேர்க்க முடியாது. ஒருவரை மட்டும் டிக் செய்யலாம், எல்லோரையும் ஒரே தொடலில் தேர்ந்தெடுக்கவும் அங்கேயே வழி இருக்கிறது. எல்லோரையும் டிக் செய்து சேமித்துவிட்டால் உங்களைக் கேட்காமல் யாராலும் சேர்க்க முடியாது என்று ஆகிவிடும். 2019 ஏப்ரலில் இந்த வசதி வந்தபோது Nobody என்று தனியாக ஒன்றே இருந்தது. அதே வருடம் நவம்பரில் அதை எடுத்துவிட்டு இந்த except முறையைக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் இப்போது ஒரு சுற்று சுற்றிப் போகவேண்டியிருக்கிறது.

கடையில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு ஒன்று உண்டு. எல்லோரையும் டிக் செய்துவிட்டு நிம்மதியாகப் போவார்கள். மூன்று மாதம் கழித்து வந்து "அண்ணே, மறுபடி சேர்த்துட்டாங்க" என்பார்கள். பார்த்தால், நடுவில் புதிதாகச் சேமித்த ஒரு நம்பராக இருக்கும். கேஸ் ஏஜென்ட், எலக்ட்ரீஷியன், பிள்ளையின் டியூஷன் டீச்சர், இப்படி யாராவது. நீங்கள் டிக் செய்த அன்றைக்கு இருந்த பட்டியல்தான் அது. பிறகு சேமிக்கும் நம்பர் தானாக அந்தப் பட்டியலில் போய் விழாது. அந்தப் புது ஆள் காண்டாக்டாகவும் இருக்கிறார், விலக்குப் பட்டியலிலும் இல்லை, அப்போது அவரால் சேர்க்க முடியும். எப்போதாவது ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து புதிய பெயர்களையும் டிக் செய்யவேண்டும். Groups என்ற தலைப்புக்குக் கீழே எத்தனை பேரை விலக்கியிருக்கிறீர்கள் என்று எண்ணிக்கை தெரியும். அதை வைத்தே பழைய பட்டியலா என்று கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொன்று. காவிரிக்கரையான் சொன்னதில் பாதிதான் சரி. வெளியேறினால் "யாருக்கும் தெரியாது" என்பது இல்லை. குரூப்பில் எல்லோருக்கும் போகும் அந்த வரி நின்றுபோனது உண்மை. ஆனால் அட்மின்களுக்கு அறிவிப்பு போகும். Exit group கொடுக்கும்போது வரும் பெட்டியிலேயே அட்மின்களுக்கு மட்டும் தெரியும் என்று எழுதியிருக்கும், அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. ஐந்து அட்மின் என்றால் ஐந்து பேருக்கும் தெரியும். அதில் உங்கள் அக்கா வீட்டுக்காரரும் ஒருவர்.

காவிரிக்கரையான்

அட்மினுக்குப் போகும் என்பதை நான் விட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். மற்ற 306 பேருக்குத் தெரியாது என்பது சரிதானே?

கடைவீதி மொபைல்ஸ்

உடனே தெரியாது. தேடினால் தெரியும். குரூப் பெயரைத் தொட்டு உறுப்பினர் பட்டியலின் அடிவரை போனால் View past participants என்று ஒன்று இருக்கும். கடந்த 60 நாளில் போனவர்கள் அதில் இருப்பார்கள். அட்மின் இல்லாத சாதாரண உறுப்பினரும் அதைப் பார்க்கலாம். 312 பேர் குரூப்பில் அவ்வளவு தூரம் இறங்கிப்போய்ப் பார்ப்பவர் ஒருவரோ இருவரோதான். பத்துப் பேர் இருக்கும் குடும்ப குரூப்பில் கதை வேறு. அங்கே பட்டியலே தேவையில்லை, எண்ணிக்கை ஒன்று குறைந்தாலே அத்தைக்குத் தெரிந்துவிடும்.

நலச்சங்கச் செயலாளர்

நான் எங்கள் தெரு குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர். வயது 67. இந்த இழையைப் படித்ததும் எழுதவேண்டும் என்று தோன்றியது.

எல்லோரும் அட்மினைக் குற்றவாளி போலப் பேசுகிறீர்கள். தண்ணீர் லாரி எப்போது வரும், கரண்ட் எப்போது நிற்கும் என்று சொல்லத்தான் நாங்கள் குரூப் வைத்திருக்கிறோம், வேறு எதற்கும் இல்லை. போன வாரம் மூன்று வீட்டுக்காரர்களைச் சேர்க்கப் பார்த்தேன், சேர்க்க முடியவில்லை என்று வந்தது. என்னை பிளாக் செய்துவிட்டார்கள். நான் அவர்களுக்கு என்ன கெடுதல் செய்தேன்? அதில் ஒருவர் தினமும் நடைப்பயிற்சியில் என்னோடு பேசுகிறவர். அதுதான் மனசுக்கு வருத்தமாக இருக்கிறது.

கடைவீதி மொபைல்ஸ்

ஐயா, அவர்கள் உங்களை பிளாக் செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் செட்டிங்கைத்தான் அவர்கள் வைத்திருப்பார்கள். அது உங்கள் ஒருவருக்காக வைத்ததாக இருக்காது. ஒருவேளை உங்கள் நம்பரை அவர்கள் போனில் சேமிக்காமலே கூட இருக்கலாம். அப்போது வெறும் My contacts வைத்திருந்தாலே உங்களால் சேர்க்க முடியாது.

சேர்க்க முடியவில்லை என்று வந்த அதே இடத்தில், அவருக்குத் தனியாக அழைப்பு அனுப்பலாமா என்று உங்களைக் கேட்டிருக்கும். நீங்கள் அதை மூடிவிட்டீர்கள் போலிருக்கிறது. அடுத்தமுறை அதை அனுப்புங்கள். உங்கள் பெயரில் அவருக்குத் தனி மெசேஜாகப் போகும். அதைத் திறந்து அவர் சம்மதித்தால் சேர்ந்துகொள்வார். 72 மணி நேரம் வரைதான் அந்த அழைப்பு செல்லும். மூன்று நாளில் அவர் தொடவில்லை என்றால் காலாவதியாகிவிடும், திரும்ப அனுப்பவேண்டும். அனுப்புவதற்கு முன் "ஐயா, தெரு குரூப்பில் சேர்க்கட்டுமா?" என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள். நாளைக்கு நடைப்பயிற்சியில் நேரிலேயே கேட்டாலும் சரி.

நலச்சங்கச் செயலாளர்

அப்படியா. அழைப்பு என்று ஏதோ வந்தது, நான்தான் வேண்டாம் என்று மூடினேன். அவர்மேல் தவறாக நினைத்துவிட்டேன். நாளைக்கே கேட்கிறேன்.

நெய்தல் நிலா

என் அனுபவத்தையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

என்னைச் சேர்த்தது தெரிந்தவர் இல்லை. வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு ஷேர் மார்க்கெட் குரூப். உள்ளே போனால் நூறு பேருக்கு மேல். "இன்றைக்கு எனக்கு பதினெட்டாயிரம் லாபம்", "சாருக்கு நன்றி" என்று ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கொண்டே இருந்தார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒருவரும் இதே மாதிரி வேறொரு குரூப்பில் இருந்தார். அவர்கள் சொன்ன ஆப்பில் முதலில் ஐந்தாயிரம் போட்டார், லாபம் காட்டியது. அப்புறம் நாற்பதாயிரம் போட்டார். எடுக்கப் போனால் வரி கட்டு என்றார்கள். அவ்வளவுதான், பணம் போனது போனதுதான். 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்தார், cybercrime.gov.in தளத்திலும் பதிந்தார். இன்னும் திரும்ப வரவில்லை.

நான் கேட்பது இதுதான். இந்த மாதிரி குரூப்பில் இருந்தும் சத்தமில்லாமல்தான் வரவேண்டுமா? சேர்த்தவனை ஒரு வார்த்தை திட்டாமல் வர எனக்கு மனசு வரவில்லை.

கடைவீதி மொபைல்ஸ்

தயவுசெய்து திட்டாதீர்கள். ஒரு வார்த்தை எழுதினாலே இந்த நம்பரை ஒரு ஆள் பயன்படுத்துகிறார், படிக்கிறார் என்று அவர்களுக்கு உறுதியாகிவிடும். அந்த குரூப்பில் லாபம் வந்ததாகச் சொல்கிறவர்களில் முக்கால்வாசி அவர்கள் ஆட்களாகவே இருப்பார்கள்.

இங்கே வெளியே வருவது மட்டும் போதாது. குரூப் விவரப் பக்கத்தின் கடைசியில் Report group இருக்கிறது. அதைக் கொடுக்கும்போது அப்படியே வெளியேறவும் செய்யலாம். புகார் கொடுத்தால் அந்த குரூப்பில் கடைசியாக வந்த ஐந்து மெசேஜ் வாட்ஸ்அப்புக்குப் போகும். புகார் கொடுத்தது யார் என்று குரூப்பில் இருப்பவர்களுக்குச் சொல்லமாட்டார்கள். பணம் போயிருந்தால் மட்டும் வெளியேறுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட், சேர்த்தவர் நம்பர், அட்மின் நம்பர் எல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் குரூப்பை அழித்துவிட்டு அப்புறம் 1930க்குக் கூப்பிட்டால் காட்ட எதுவும் இருக்காது.

2025 ஆகஸ்டில் ஒன்று அறிவித்தார்கள். காண்டாக்டில் இல்லாத ஒருவர் நமக்குப் பழக்கமில்லாத குரூப்பில் சேர்த்தால், சாட்டைத் திறப்பதற்கு முன்பே ஒரு விவரப் பக்கம் காட்டும். மெசேஜ் எதையும் பார்க்காமல் அங்கிருந்தே வெளியேறலாம். இருக்கிறேன் என்று நாம் சொல்லும்வரை அந்த குரூப்பின் அறிவிப்பு ஒலிக்காது. பழைய ஆப்பை அப்டேட் செய்யாமல் வைத்திருப்பவர்கள் அப்டேட் செய்துகொள்ளுங்கள்.

தமிழாசிரியர் மு.

நான் ஒரு மாற்றுக்கருத்து சொல்லலாமா?

பிச்சிப்பூ அம்மா, நீங்கள் ஏன் வெளியே வரவேண்டும்? உறவு சம்பந்தப்பட்ட குரூப்பில் வெளியேறுவது பேச்சை வளர்க்கும். நான் பதினேழு குரூப்பில் இருக்கிறேன். பள்ளி, சங்கம், பயிற்சி, தேர்தல் பணி என்று எல்லாம். எதையும் விட்டு வந்ததில்லை. மியூட்டில் Always வைத்து, ஆர்க்கைவ் செய்துவிடுகிறேன். Settings, Chats பகுதியில் Keep chats archived என்பதை இயக்கிவிட்டால் புது மெசேஜ் வந்தாலும் அது மேலே ஏறாது. குரூப் இருக்கும், என் கண்ணில் படாது. யாருக்கும் வருத்தமில்லை. அத்தானுக்கும் அறிவிப்பு போகாது.

நெய்தல் நிலா

ஐயா, உங்களுக்கு வந்த தொந்தரவு மெசேஜ் சத்தம். அவருக்கு வந்தது இரவு பத்தரை மணிக்கு முன்பின் தெரியாத ஆணின் கால். ஆர்க்கைவ் செய்தாலும் அவர் நம்பர் அந்தப் பட்டியலில்தானே இருக்கும்? நாளைக்கு இன்னும் ஐம்பது பேரைச் சேர்த்தால் அந்த ஐம்பது பேருக்கும் தெரியும். நானாக இருந்தால் ஒருநாள் கூட இருக்கமாட்டேன்.

கடைவீதி மொபைல்ஸ்

இருவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஆசிரியர் ஐயா சொன்ன வழி சத்தத்துக்கு நல்ல மருந்து. அதிலும் ஒரு சின்ன ஓட்டை: யாராவது உங்கள் பெயரை @ போட்டுக் குறிப்பிட்டாலோ, உங்கள் மெசேஜுக்குப் பதில் போட்டாலோ மியூட்டில் இருந்தாலும் அறிவிப்பு வரும். ஆனால் நம்பர் வெளியே தெரிவது பிரச்சினை என்றால் மியூட்டும் ஆர்க்கைவும் எதையும் செய்யாது.

அதேசமயம் வெளியே வந்தாலும் ஏற்கெனவே பார்த்தவர்கள் நம்பரை மறந்துவிடமாட்டார்கள் என்பதையும் சொல்லியாகவேண்டும். சேமித்தவர் சேமித்ததுதான். சகோதரிக்கு அந்தப் பக்கம் கதவைச் சாத்த இரண்டு வேலை இருக்கிறது. தனியாக மெசேஜ் போட்டவரையும் கூப்பிட்டவரையும் பிளாக் செய்யுங்கள். Privacy பகுதியிலேயே Calls என்பதில் Silence unknown callers என்று இருக்கும், அதை இயக்குங்கள். தெரியாத நம்பரிலிருந்து வாட்ஸ்அப் கால் வந்தால் மணி அடிக்காது, பட்டியலில் மட்டும் பதிவாகும். சாதாரண போன் காலுக்கு இது பொருந்தாது. கையோடு ப்ரொஃபைல் போட்டோவையும் My contacts என்று வைத்துவிடுங்கள்.

தமிழாசிரியர் மு.

கால் வந்ததை நான் கவனிக்காமல் படித்துவிட்டேன். அது வேறு விஷயம்தான். என்றாலும் அத்தானிடம் சொல்லாமல் வருவது சரியில்லை என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

காவிரிக்கரையான்

ஒரு சந்தேகம். நான் இப்போது என் போனில் எல்லோரையும் டிக் செய்துவிட்டேன். ஏற்கெனவே இருக்கும் குரூப்பிலிருந்து எல்லாம் தானாக வெளியே வந்துவிடுவேனா? இரண்டு மணி நேரமாகப் பார்க்கிறேன், எல்லா குரூப்பும் அப்படியே இருக்கிறது.

கடைவீதி மொபைல்ஸ்

அப்படியே இருக்கும். இந்த செட்டிங் இனிமேல் நடப்பதற்குத்தான். ஏற்கெனவே உள்ளே இருப்பதில் இருந்து நீங்களாகத்தான் வரவேண்டும். லிங்க் வழியாகச் சேர்வதையும் இது தடுக்காது, ஏனென்றால் லிங்க்கைத் தொடுவது நீங்களே. உங்கள் வீட்டுப் பிள்ளை உங்கள் போனில் லிங்க்கைத் தொட்டாலும் சேர்ந்ததுதான்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் செட்டிங்கை மாற்றுங்கள், அப்புறம் வெளியே வாருங்கள். முதலில் வெளியே வந்துவிட்டு செட்டிங்கை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால், "நெட் பிரச்சினையில் வெளியே போயிட்டா போல" என்று நல்ல எண்ணத்திலேயே யாராவது மறுபடி ஏதோ ஒன்றில் சேர்த்துவிடுவார்கள்.

குரூப்பில் நீங்கள் ஏதாவது எழுதியிருந்து, போட்டோ போட்டிருந்து, அதை எடுக்கவேண்டும் என்றால் அதையும் வெளியேறுவதற்கு முன்பே செய்யுங்கள். அனுப்பி இரண்டரை நாளுக்குள் இருந்தால்தான் எல்லோருக்கும் அழிக்க முடியும். வெளியே வந்தபிறகு உங்கள் போனில் மட்டும்தான் அழியும், மற்றவர்கள் போனில் அப்படியே இருக்கும்.

வேப்பமரத்தடி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் அலுவலக குரூப் ஒன்றிலிருந்து வெளியே வந்தேன். ஆனால் அதே பெயரில் வேறு ஒன்று இன்னும் என் போனில் அறிவிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இரண்டுமுறை வெளியே வந்துவிட்டேன். ஏன்?

கடைவீதி மொபைல்ஸ்

அது அநேகமாக கம்யூனிட்டியாக இருக்கும். பல குரூப்பை ஒரே குடையின் கீழ் கட்டியிருப்பார்கள். நீங்கள் இருந்த குரூப்பை அட்மின் அதில் இணைத்தபோது உங்களுக்கும் அதன் அறிவிப்புப் பகுதி வந்துவிட்டது. உள்ளே இருக்கும் ஒரு குரூப்பிலிருந்து வந்தாலும் கம்யூனிட்டியில் நீடிப்பீர்கள். கம்யூனிட்டியின் பெயரைத் தொட்டு Exit community கொடுக்கவேண்டும். அதைக் கொடுத்தால் அதற்குள் நீங்கள் இருக்கும் எல்லா குரூப்பிலிருந்தும் சேர்த்தே வெளியே வந்துவிடுவீர்கள். சம்பளம், விடுப்பு பற்றி ஏதாவது வரும் குரூப் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

வேப்பமரத்தடி

அதேதான். விடுப்பு குரூப் உள்ளே இருக்கிறது. அப்படியானால் மியூட்தான் எனக்கு வழி. நன்றி.

பிச்சிப்பூ

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் ஆகிவிட்டது. என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

முதலில் Groups பக்கத்துக்குப் போய் எல்லோரையும் டிக் செய்து சேமித்தேன். 486 பேர் என்று காட்டியது. இத்தனை பேர் என் போனில் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. அக்காவையும் என் கணவரையும் மட்டும் டிக்கிலிருந்து எடுத்துவிட்டேன், அவர்கள் கேட்காமல் எதிலும் சேர்க்கமாட்டார்கள்.

அடுத்து மாமாவுக்குப் போன் செய்தேன். ஆசிரியர் ஐயா சொன்னதை யோசித்துத்தான். "மாமா, அந்தப் பள்ளிக்கூட குரூப்பிலிருந்து நான் வெளியே வரப்போகிறேன், உங்களுக்கு அறிவிப்பு வரும், கோபத்தில் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள்" என்றேன். ஏன் என்று கேட்டார். இரவில் வந்த காலைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "அந்த நம்பரை எனக்கு அனுப்பும்மா" என்றார். நான் அனுப்பினேன். அந்த ஆளை குரூப்பிலிருந்து எடுத்துவிட்டதாக மறுநாள் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் வெளியே வந்தேன். கடைக்கார அண்ணா சொன்ன மாதிரி அட்மின்களுக்கு மட்டும் தெரியும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. Delete group கொடுத்து என் போனிலிருந்தும் எடுத்தேன். குரூப்பில் இருக்கும் இன்னொரு தோழியிடம் கேட்டேன், அவளுக்கு எந்த வரியும் வரவில்லையாம். நான் வெளியே வந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள் சேர்த்தவளிடமிருந்து ஒரு அழைப்பு வந்தது. அது பழைய குரூப் இல்லை. எங்கள் செட் பெண்கள் மட்டும் என்று புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறாள். நேரடியாகச் சேர்க்க முடியாமல் அழைப்பு அனுப்பியிருக்கிறாள். முதலில் தொடாமல் விட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்து, யார் யார் இருக்கிறார்கள் என்று அவளிடம் கேட்டேன். பதினான்கு பேர், எல்லோரையும் எனக்குத் தெரியும். 72 மணி நேரம் முடிவதற்குள் நானாகவே சேர்ந்துகொண்டேன். நான் முடிவு செய்து போன முதல் குரூப் அதுதான்.

இப்போது ஒரு புதுப் பிரச்சினை. ஜூன் மாதம் என் மகள் புதுப் பள்ளிக்குப் போகிறாள். வகுப்பாசிரியர் பெற்றோர் குரூப் போடுவார், அவர் நம்பர் என்னிடம் இல்லை. நாற்பது பெற்றோரை ஒரே நேரத்தில் சேர்க்கும்போது எனக்கு மட்டும் தனியாக அழைப்பு அனுப்ப அவருக்கு நேரம் இருக்குமா? அனுப்பாமல் விட்டால் எனக்குத் தெரியவே தெரியாதே.

தமிழாசிரியர் மு.

இது உண்மையான சிக்கல். ஆசிரியராகச் சொல்கிறேன்: ஜூன் முதல் வாரத்தில் நாற்பது நம்பரை ஒரே மூச்சில் சேர்ப்போம். யார் சேரவில்லை என்று பட்டியலை ஒப்பிட்டுப் பார்ப்பது பத்து நாள் கழித்துத்தான். நான் அழைப்பு அனுப்பிய பெற்றோரில் பாதிப் பேர் மூன்று நாளைத் தாண்டிவிடுகிறார்கள். திரும்ப அனுப்ப மறந்துவிடுகிறது.

காவிரிக்கரையான்

பள்ளி திறக்கும் வாரம் மட்டும் Everyone என்று மாற்றி வைத்துவிட்டு, பிறகு பழையபடி வைத்துக்கொள்ளலாமே?

நெய்தல் நிலா

நான் அதைச் செய்யமாட்டேன். அந்த ஒரு வாரத்தில்தான் இன்னொரு ஷேர் மார்க்கெட் குரூப் வரும்.

கடைவீதி மொபைல்ஸ்

முதல் நாளே வகுப்பாசிரியர் நம்பரை வாங்கிச் சேமித்துவிடுங்கள். புதிய நம்பர் விலக்குப் பட்டியலில் தானாக விழாது என்று சொன்னேன் இல்லையா, இங்கே அதுவே உங்களுக்கு உதவும். ஆசிரியரால் நேரடியாகச் சேர்க்க முடியும். ஆனால் அவருக்குப் பதிலாக வேறொரு பெற்றோரோ பள்ளி அலுவலகமோ குரூப் தொடங்கினால் இது வேலை செய்யாது.

பிச்சிப்பூ

சில வருடம் பெற்றோரில் யாராவது ஒருவர்தான் குரூப் தொடங்குவார் என்று இப்போதுதான் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். யார் தொடங்குகிறார்கள் என்று பள்ளி திறக்கும் நாளில் வாசலிலேயே நின்று கேட்டு நம்பர் வாங்கிக்கொள்கிறேன். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஜூன் வரை நேரம் இருக்கிறது.